நீக்கிய விருப்பம் திரும்பவும் முளைக்கிறது: சாட்பாட்டின் நினைவை எப்படி அமைப்பது?

பெருங்குடி கார்த்தி

வணக்கம். சென்னைக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் பேக்எண்ட் வேலை பார்க்கிறேன். ஆர்டர் எடுப்பது முழுக்க ஒரு தமிழ் சாட்பாட். "காரம் கம்மியா போடுங்க", "ஒரு மணிக்குள்ள வந்துடணும்" என்று வாடிக்கையாளர் சொல்வதை அடுத்த முறைக்கும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

அடையாறில் ஒரு அம்மா எங்களிடம் அடிக்கடி வாங்குவார். மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய சமயத்தில் "மாமாவுக்கு உப்பு குறைச்சுப் போடுங்க" என்று எழுதியிருக்கிறார். பாட் அதைத் தானாக எடுத்து வைத்துக்கொண்டது. பிறகு அந்தப் பெரியவர் காலமாகிவிட்டார். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மா 'என் விருப்பங்கள்' பக்கத்துக்குப் போய் அந்த வரியை நீக்கியிருக்கிறார். பக்கத்திலிருந்தும் அது போய்விட்டது. அடுத்த ஆர்டரின்போது பாட் கேட்கிறது: "வழக்கம்போல மாமாவுக்கு உப்பு குறைத்துச் செய்யச் சொல்லட்டுமா?"

அவர் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, "அதான் எடுத்துட்டேனே, மறுபடியும் ஏன் கேக்குது?" என்றார். போனை எடுத்த பெண்ணிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

எங்கள் அமைப்பு இதுதான். விருப்பங்கள் போஸ்ட்கிரெஸ்ஸில் `user_pref` என்ற டேபிளில் இருக்கின்றன. வேகத்துக்காக ரெடிஸில் ஒரு நகல். உரையாடல் முடிந்ததும் அதன் சுருக்கம் தனியாகச் சேமிக்கப்படும். பழைய பேச்சைத் தேடி எடுக்க ஒரு வெக்டர் இன்டெக்ஸும் உண்டு. நீக்கு பொத்தானை அழுத்தினால் `user_pref` வரிசையும் ரெடிஸ் நகலும் போய்விடும். எங்கே ஓட்டை? அதைவிட, இந்தக் கேள்வியை பாட் கேட்டதே சரியா?

நங்கநல்லூர் பாலா

இது கேஷ் பிரச்சினைதான் சார். ரெடிஸில் பழைய நகல் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஆயுளைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். விருப்பங்களுக்கும் 30 நாள் காலாவதி வைத்துவிட்டால் எதுவுமே நிரந்தரமாகத் தங்காது. ஒப்புதலைப் பொறுத்தவரை, பதிவு செய்யும்போதே விதிமுறைகளுக்கு டிக் போட்டிருப்பார்களே, அது போதும்.

பெருங்குடி கார்த்தி

பாலா சார், ரெடிஸைத்தான் முதலில் பார்த்தேன். நீக்கிய நொடியிலேயே அந்தக் கீ போய்விட்டது. ஆனால் `user_pref` டேபிளில் அதே விருப்பம் புது வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. அதன் `created_at` நேரம் அவர் நீக்கியதற்கு அடுத்த நாள் விடியற்காலை. `source` என்ற இடத்தில் `summary_job` என்று இருக்கிறது.

வேளச்சேரி கீதா

கார்த்தி, உங்கள் கேள்விக்கு அந்த `source` வரியே பதில் சொல்லிவிட்டது. நீங்கள் சரியாகத்தான் நீக்கினீர்கள். ராத்திரி ஓடும் வேலை அதைத் திரும்ப உண்டாக்கியிருக்கிறது. அது பழைய சுருக்கங்களைப் படிக்கிறது, "மாமனாருக்கு உப்பு குறைவு" என்ற வரியைப் பார்க்கிறது, டேபிளில் அப்படி ஒன்று இல்லையே என்று நினைத்து மறுபடியும் எழுதிவிடுகிறது. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. "இதை அவர் வேண்டாம் என்று எடுத்தார்" என்ற செய்தி அதற்குப் போய்ச் சேரவே இல்லை.

நான் பார்த்த நினைவு அமைப்புகளில் இந்தக் கோளாறுதான் அதிகம். காரணம் எளிது. ஒரு விருப்பம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வாடிக்கையாளர் சொன்ன செய்தியில் இருக்கிறது, சுருக்கத்தில் இருக்கிறது, வெக்டர் இன்டெக்ஸில் இருக்கிறது, கடைசியாகத்தான் உங்கள் டேபிளில் இருக்கிறது. நீங்கள் ஆற்றின் கடைமடையில் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறீர்கள், தலைமடை திறந்தே கிடக்கிறது.

முதலில் அந்த ராத்திரி வேலையை நிறுத்துங்கள். அவசரத்துக்கு அது போதும். முழுசாகச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று சாயங்காலம் விரிவாக எழுதுகிறேன்.

பாலா சார் சொன்ன காலாவதி தேவைதான். ஆனால் இங்கே அது உதவாது. 30 நாளில் காலாவதியானாலும் அடுத்த ராத்திரியே அந்த வேலை புதுத் தேதி போட்டு எழுதிவிடும்.

மயிலாப்பூர் மீனா

நான் இந்தத் துறை இல்லை, ஆனால் இது எங்கள் வீட்டிலும் நடந்தது. நான் போனில் ஒரு செயலியில் பழைய அரட்டையை நீக்கினேன். அப்படியானால் அது என்னைப் பற்றித் தெரிந்துகொண்டதும் போய்விடுமா, போகாதா?

இன்னொன்று. எங்கள் வீட்டில் ஆர்டர் எல்லாம் மாமியார் போனிலிருந்துதான். பையன் ஒருநாள் அதே போனில் முட்டை குழம்பு வரவழைத்துச் சாப்பிட்டிருக்கிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது. மறுநாள் மாமியார் ரசம் சாதம் கேட்டபோது, "நேற்றுபோல முட்டையும் சேர்க்கட்டுமா?" என்று வந்தது. அப்புறம் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குப் பதினாறு வயசு. அவன் எதைச் சாப்பிடுகிறான் என்பதை அவனேதான் பாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டும், ஒரு இயந்திரம் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வேளச்சேரி கீதா

மீனா, உங்கள் முதல் கேள்விக்குப் பொதுவாக ஒரே பதில் கிடையாது. பல செயலிகளில் அரட்டையும் நினைவும் தனித்தனியாகத்தான் இருக்கும். அரட்டையை நீக்கினாலும் அதிலிருந்து எடுத்த குறிப்பு தங்கிவிடலாம். அமைப்புகளில் 'நினைவு' என்று தனிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயும் போய் நீக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது விஷயம் கார்த்திக்கு மிக முக்கியம். போன் எண் என்பது ஒரு ஆள் இல்லை. நம் ஊரில் ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருக்கும். அதனால் அந்த எண்ணில் யாரோ ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்ல பாட்டுக்கு உரிமை இல்லை. ஒருவர் ஒரே ஒருமுறை வாங்கியதை வைத்து அவர் விருப்பம் இதுதான் என்று முடிவு கட்டவும் கூடாது.

எண் கை மாறுவதும் உண்டு. துண்டிக்கப்பட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். புதிதாக அந்த எண்ணை வாங்கியவர் உங்களிடம் முதல் ஆர்டர் போடும்போது, பழையவர் வீட்டு மாடிப்படி அடையாளத்தை பாட் சொன்னால் எப்படி இருக்கும்? பாலா சாரின் காலாவதி உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். எண்ணை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காண்பதானால், கடைசி ஆர்டருக்குப் பிறகு 90 நாள் ஆவதற்கு முன்பே விருப்பங்கள் அழிந்துவிட வேண்டும். நான் 60 நாள் வைப்பேன்.

தாம்பரம் ஆதி

நான் கடைசி வருட மாணவன். ஒரு சந்தேகம். எல்லா விருப்பத்தையும் பிராம்ப்டில் கொடுத்துவிட்டு, "குடும்பம், உடல்நலம் பற்றி நீயாகப் பேசாதே" என்று ஒரு வரி சேர்த்தால் போதாதா? மாடல் அதைக் கேட்காதா?

வேளச்சேரி கீதா

பெரும்பாலும் கேட்கும், ஆதி. எப்போதும் கேட்கும் என்று நம்பி விட முடியாது. கண்ணில் பட்டதைப் பேச்சில் கொண்டுவருவது மாடலின் இயல்பு. பத்து வரி விருப்பம் கொடுத்தால், உதவுகிறோம் என்று நினைத்து அதில் ஒன்றை எங்காவது சொருகிவிடும். பேச்சு நீள நீள, மேலே எழுதிய தடையின் பிடி தளரவும் செய்யும். அதனால் பேசக் கூடாததை அதன் கண்ணிலேயே காட்டாமல் இருப்பதுதான் வழி. எந்த வேலைக்கு எந்த விருப்பம் தேவை என்பதை உங்கள் கோட் முடிவு செய்யட்டும், மாடல் வேண்டாம். டெலிவரி நேரம் கேட்கும் இடத்தில் நேர விருப்பம் மட்டும் பிராம்ப்டுக்குப் போகட்டும். காரம் எவ்வளவு என்பது அந்த இடத்தில் தேவையே இல்லை.

சரி, கார்த்திக்கு வருகிறேன். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

முதலில், விருப்பங்களை மூடிய பட்டியலாக மாற்றுவேன்: மொழி, காரத்தின் அளவு, டெலிவரி நேரம், கதவு அடையாளம். இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம், அவ்வளவுதான். "பயனரைப் பற்றிய குறிப்பு" என்று இஷ்டப்படி எழுதும் இடமே இருக்காது. மாமனாரின் உப்பு அப்படி ஒரு இடத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கும். பட்டியலில் இல்லாததை வாடிக்கையாளர் சொன்னால் அது அந்த ஒரு ஆர்டரோடு முடிந்துவிடும். சமையலறைச் சீட்டில் அச்சாகும், நினைவுக்குப் போகாது.

அப்புறம், தானாக எடுத்துவைப்பதை அடியோடு நிறுத்துவேன். ஆர்டர் முடிந்த பிறகு பாட் கேட்கட்டும்: "அடுத்த முறையும் காரம் குறைவாகவே போடட்டுமா?" கீழே இரண்டு பொத்தான்: 'ஆமாம், நினைவில் வை', 'இந்த முறை மட்டும்'. இரண்டையும் தொடாமல் போனால் சேமிக்கக் கூடாது. 'இந்த முறை மட்டும்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதையே ஒவ்வொரு ஆர்டரிலும் கேட்டு நச்சரிக்கவும் கூடாது. கேள்வி ஆர்டருக்கு முன்னால் வந்தால், "ஆமாம் சொன்னால்தான் சாப்பாடு வருமோ" என்று நினைத்து அழுத்திவிடுவார்கள். அந்தச் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

நீக்கும்போது இந்த இரண்டும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடக்க வேண்டும்:

```sql
DELETE FROM user_pref
WHERE user_id = $1 AND pref_key = $2;

INSERT INTO pref_forget (user_id, pref_key, forgot_at)
VALUES ($1, $2, now())
ON CONFLICT (user_id, pref_key)
DO UPDATE SET forgot_at = now();
```

`pref_forget` டேபிளில் "காரம்" என்ற கீ மட்டும் இருக்கும், "குறைவு" என்ற மதிப்பு இருக்காது. எப்போதாவது பழைய செய்திகளிலிருந்து எதையாவது திரட்டும் வேலை ஓடினால், `forgot_at` நேரத்துக்கு முந்தைய செய்திகளை அந்தக் கீக்காகத் தொடவே கூடாது. வாடிக்கையாளர் பின்னால் புதிதாகச் சொல்லிச் சம்மதித்தால் சேமிக்கலாம். ஒன்று கவனியுங்கள்: ஒப்பிட வேண்டியது மூலச் செய்தியின் நேரத்தை. சுருக்கம் எழுதிய நேரத்தை வைத்து ஒப்பிட்டால், நீக்கிய பிறகு எழுதப்பட்ட சுருக்கத்தின் வழியாகப் பழைய விஷயமே திரும்ப நுழைந்துவிடும்.

நங்கநல்லூர் பாலா

கேஷ் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன் மேடம். ஆனால் மூடிய பட்டியல் எதற்கு? சொன்ன வரியை அப்படியே வைத்துக்கொண்டு, நீக்கியதையும் ஒரு பட்டியலில் போட்டு, புதிதாக வருவது அதனோடு ஒத்துப்போகிறதா என்று வெக்டர் தூரத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே?

வேளச்சேரி கீதா

பார்க்கலாம் சார், ஆனால் அப்படி ஒப்பிட வேண்டுமானால் நீக்கச் சொன்னதையே நீங்கள் சேமித்து வைத்திருக்க வேண்டும். "மாமாவுக்கு உப்பு குறைவு" என்பதை மறக்கச் சொன்னவரிடம், "மறக்க வேண்டியவை" பட்டியலில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? வெக்டராக வைத்தாலும் அது அந்த வரியின் தடயம்தான். எல்லைக்கோடு எங்கே போடுவது என்பது இன்னொரு தலைவலி. "உப்பு குறைவா", "பிரஷர் இருக்கு, பாத்து போடுங்க" இரண்டும் ஒன்றா, வேறா? கோட்டை இறுக்கினால் பழையது நழுவி உள்ளே வரும். தளர்த்தினால் வாடிக்கையாளர் புதிதாகக் கேட்பதையும் மறுத்துவிடும். மூடிய பட்டியலில் இந்தக் கேள்வியே எழாது, கீயின் பெயர் மட்டும் போதும்.

பாரிமுனை வக்கீல்

பாலா சார் மேலே "விதிமுறைகளுக்கு டிக் போட்டால் போதும்" என்றார். போதாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், விவரம் தெரிந்து கொடுத்ததாகவும், தெளிவான ஒரு செயலால் காட்டியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அந்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் கொடுக்க வேண்டும், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாம் அதில் அடங்கும்.

கார்த்தி, ஒரே தட்டில் 'நினைவில் வை' என்று வாங்கிவிட்டு, நீக்குவதற்கு ஐந்து பக்கம் உள்ளே போகச் சொன்னால் நீங்கள் சிக்கலில் இருக்கிறீர்கள். மீனா அம்மா சொன்ன பையன் விஷயமும் சாதாரணம் இல்லை. 18 வயது ஆகாதவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன, சட்டத்தின் பகுதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அந்த விதிகளில் சில பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் பகுதியும் உண்டு. எது நீக்க வேண்டியது, எது வைத்திருக்க வேண்டியது என்பதை உங்கள் டேபிள்களை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து பாருங்கள். இங்கே பொதுவாகச் சொல்லி முடிக்கக்கூடியது இல்லை.

வேளச்சேரி கீதா

நன்றி சார். அப்படிச் சில பதிவுகளை வைத்திருந்தே ஆக வேண்டும் என்றாலும், பாட் படிக்கும் வழியிலிருந்து அவற்றைத் துண்டித்துவிடலாம். சட்டத்துக்காகப் பூட்டி வைத்திருக்கும் பதிவுக்கும் பிராம்ப்டுக்கும் நடுவே எந்தக் குழாயும் இருக்கக் கூடாது.

பெருங்குடி கார்த்தி

ராத்திரி வேலையை நிறுத்திவிட்டோம். அந்த அம்மாவின் பழைய சுருக்கங்களையும், அவற்றிலிருந்து வந்த வெக்டர்களையும் கையால் தேடி எடுத்தோம். நானே அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

கீதா மேடம், எல்லாம் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது? அந்தப் பக்கத்தில் காணோம் என்பதை இனி நான் நம்பத் தயாராக இல்லை.

வேளச்சேரி கீதா

நம்பவே வேண்டாம். ஒரு சோதனைக் கணக்கு உண்டாக்குங்கள். வேறு எங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு மதிப்பைக் கதவு அடையாளமாகக் கொடுங்கள், "நீலச்சுண்டை 9137" மாதிரி. இரண்டு மூன்று ஆர்டர் போடுங்கள், சுருக்கம் உருவாகட்டும். அப்புறம் வாடிக்கையாளர் செய்வதுபோலவே பொத்தானை அழுத்தி நீக்குங்கள்.

இப்போது அந்தச் சொல்லை டேபிள்களில், ரெடிஸில், லாக் கோப்புகளில், அனலிட்டிக்ஸ் நிகழ்வுகளில் தேடுங்கள். லாக்கை விட்டுவிடாதீர்கள். பிழை தேடுவதற்காக முழு பிராம்ப்டையும் லாகில் எழுதும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. வெக்டரில் சொல்லை வைத்துத் தேட முடியாது. அதனால் ஒவ்வொரு வெக்டரோடும் மூலச் செய்தியின் எண்ணைச் சேர்த்து வைத்து, அந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். சில இன்டெக்ஸ்கள் நீக்கியதை "நீக்கப்பட்டது" என்று குறித்து மட்டும் வைக்கும், பிறகு சுத்தம் செய்யும்போதுதான் உண்மையில் அழியும். அந்தச் சுத்தம் எப்போது ஓடுகிறது என்று பாருங்கள்.

பிறகு ராத்திரி வேலைகள் எல்லாம் ஒருமுறை ஓடி முடிந்த பின், புது செஷன் திறந்து, மாடலுக்குப் போகும் பிராம்ப்டையே எடுத்துப் படியுங்கள். பாட்டிடம் "என் கதவு அடையாளம் தெரியுமா" என்று கேட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம், தெரியாமலே எதையாவது சொல்லவும் செய்யும்.

நீக்கும் நேரத்தில் அதே வாடிக்கையாளருக்கு ஒரு செஷன் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். அந்த உரையாடலுக்கான பிராம்ப்ட் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். பாட் முன்பே ஒருமுறை அதைச் சொல்லியிருந்தால் பேச்சு வரலாற்றிலும் இருக்கும். நீக்கியதும் அந்தச் செஷனை முடித்துப் புதிதாகத் தொடங்குவதுதான் சுலபம்.

தாம்பரம் ஆதி

பேக்கப்பில் இருப்பது? அதைத் திறந்து ஒரு வரியை மட்டும் எடுக்க முடியாதே.

வேளச்சேரி கீதா

முடியாது. பேக்கப் தன் காலக்கெடு முடிந்து அழியட்டும், அந்தக் கெடுவை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நடுவில் எப்போதாவது பேக்கப்பிலிருந்து மீட்டால், சேவையைத் திறப்பதற்கு முன் `pref_forget` பட்டியலை மறுபடி ஓட்டி நீக்க வேண்டும். அதனால் அந்த டேபிளின் நடப்பு நகல் வேறொரு இடத்திலும் இருக்க வேண்டும். மீட்ட பேக்கப்பில் இருப்பது பழைய பட்டியல், அதற்குப் பின் நீக்கியவர்களை அதற்குத் தெரியாது.

ஆளுக்கு ஒரு சாவி வைத்துக் குறியாக்கம் செய்து, சாவியை அழித்துவிடும் முறையும் உண்டு. கணக்கையே மூடுபவருக்கு அது நன்றாகப் பொருந்தும். ஒரே ஒரு விருப்பத்தை நீக்க உதவாது, சாவி போனால் அவருடைய எல்லாமே போய்விடும்.

மயிலாப்பூர் மீனா

எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் சம்மதித்துக் கொடுத்த விருப்பத்தைப் பயன்படுத்தும்போது பாட் என்னிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? சொன்னால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். சொல்லாமலே செய்தால், ஏன் காரம் குறைந்தது என்று எனக்கே தெரியாது.

வேளச்சேரி கீதா

ஆர்டரை மாற்றும் விருப்பம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது என் கருத்து. கேள்வியாகக் கேட்க வேண்டாம், கதை சொல்ல வேண்டாம். ஆர்டர் சுருக்கத்தில் "காரம்: குறைவு (சேமித்தது)" என்று ஒரு வரி, பக்கத்திலேயே 'மாற்று', 'நீக்கு'. யார் சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள் என்பது அங்கே இருக்கக் கூடாது. தமிழில் பேசுவது மாதிரியான விருப்பத்தைச் சொல்லாமலே பயன்படுத்தலாம்.

நங்கநல்லூர் பாலா

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எங்கள் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தால் பார்க்கவே மாட்டார். பாட் வாயைத் திறந்து கேட்டால்தான் அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே முறை சரிவராது.

பெருங்குடி கார்த்தி

பாலா சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குரலில் ஆர்டர் செய்பவர்களுக்கு என்ன செய்வது என்று நாங்களும் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை.

நீலச்சுண்டை சோதனை செய்தேன். டேபிளில் இல்லை, ரெடிஸில் இல்லை, வெக்டரில் இல்லை. இரண்டு இடத்தில் அகப்பட்டது. ஒன்று, பிழை லாக். மேடம் சொன்னபடியே முழு பிராம்ப்ட் அதில் கிடந்தது. இனி விருப்பத்தின் கீ மட்டும் லாகில் போகும், மதிப்பு போகாது. இன்னொன்று, பழைய ஆர்டர்களின் சமையலறைச் சீட்டு. அது பில்லோடு சேர்ந்தது, கணக்குக்காக வைத்திருக்கிறோம்.

அங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. எங்களிடம் 'போன தடவை மாதிரியே' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, நிறைய பேர் அதைத்தான் அழுத்துகிறார்கள். அது பழைய சீட்டைக் குறிப்போடு அப்படியே நகலெடுக்கும். வாடிக்கையாளர் விருப்பத்தை நீக்கிவிட்டு இந்தப் பொத்தானை அழுத்தினால், நீக்கியது அந்த வழியாக வந்துவிடுகிறது. அவரே கேட்டுத்தான் வருகிறது, ஆனால் அதைத்தான் கேட்டார் என்று சொல்ல முடியுமா?

வேளச்சேரி கீதா

நான் உணவின் பெயரையும் அளவையும் மட்டும் நகலெடுப்பேன், குறிப்பை விட்டுவிடுவேன். ஆனால் அப்படிச் செய்தால் "நிலக்கடலை ஒத்துக்காது" என்று போன முறை எழுதியவருக்கு ஆபத்து. ஒவ்வாமையை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கலாமா, இல்லை அதுவும் சம்மதத்தோடு பட்டியலில் ஒரு கீயாக வர வேண்டுமா? சமையலறை நடத்துபவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.